திரையில் வேண்டியது மட்டும்: ஒரு கடைக் கையேட்டுக்குப் படம் வெட்டிய கதை

கொழும்பு பழைய சோனகத் தெருவில் உள்ள ஒரு வன்பொருள் கடைக்காகச் சின்னக் கையேடு ஒன்று தயாரானது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கையிருப்புப் பட்டியலை எப்படித் திறப்பது, வந்த சரக்கை எந்தக் கட்டத்தில் பதிவது, எப்படிச் சேமிப்பது என்று படிப்படியாகச் சொல்லும் ஏ5 அளவுப் புத்தகம். பட்டியல் இருப்பது லிப்ரே ஆபிஸ் கல்க்கில். கணக்குப் பார்க்கும் அக்கா வேர்டில் எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட் போட்டு, அச்சுக்கு அனுப்ப முன் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

எழுத்தில் கை வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. படங்களில்தான் வேலை இருந்தது. மூன்றாம் படியின் மூலையில் மணி 10:42. நாலாம் படியில் 9:15, அதுவும் வேறு திகதி. ஒரு படத்தின் கீழ்ப் பட்டையில் வெப்பநிலையும் மழைக் குறியும். இன்னொன்றில் திறந்து கிடந்த வங்கிப் பக்கத்தின் பெயர் பாதி தெரிகிறது. ஒரு படத்தில் கட்டத்துக்குள் எழுத்துக் கோடு நிற்கிறது, அடுத்ததில் இல்லை. கணினி பழகியவர் கண் இதையெல்லாம் தாண்டிப் போய்விடும். முதல் தடவை பார்க்கிறவர் அப்படித் தாண்டமாட்டார். படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் தன் திரையில் தேடுவார். தன் திரையில் அந்த மழைக் குறி இல்லையென்றால் எதையோ தவறவிட்டோம் என்று நினைத்து நின்றுவிடுவார்.

ஆகவே இலக்கு இதுதான்: மௌஸ் அம்பு, எழுத்துக் கோடு, டாஸ்க்பார், மணிக்கூடு எதுவும் இல்லாமல், அந்தப் படிக்கு வேண்டிய கட்டங்கள் மட்டும் தெரியும் படங்கள். எல்லாம் ஒரே அளவில், ஒரே இடத்தில் வெட்டியவையாக.

வேர்டில் வெட்டினால் வெட்டுப்படாது

அக்கா சில படங்களை ஏற்கெனவே வெட்டித்தான் வைத்திருந்தார். பட்டியலில் ஏழு நிரல்கள் உண்டு: பொருள் இலக்கம், பொருள், அளவு, கையிருப்பு, கொள்விலை, விற்பனை விலை, வழங்குநர். கையேட்டுக்கு முதல் நாலு போதும். கொள்விலையும் வழங்குநர் பெயரும் கடைக்கு வெளியே போகவே கூடாது. ஒரே ஆணியை, ஒரே பூட்டை அடுத்தடுத்த கடையில் விற்கிற தெரு அது. அதனால் வேர்டில் படத்தைத் தட்டி, Crop போட்டு, வலப் பக்கத்தையும் கீழ்ப் பட்டையையும் உள்ளே தள்ளியிருந்தார். பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது.

வேர்டின் கிரொப் படத்தை வெட்டுவதில்லை. தெரிய வேண்டிய பகுதி எது என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. முழுப் படமும் ஆவணத்துக்குள் அப்படியே இருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ஆவணத்தைப் பிரதி எடுத்து, பிரதியின் பெயரின் முடிவில் இருக்கும் `.docx` என்பதை `.zip` என்று மாற்றித் திறக்க வேண்டும். உள்ளே `word` என்றொரு கோப்புறை, அதற்குள் `media`. அங்கே `image1.png`, `image2.png` என்று படங்கள் வரிசையாக இருக்கும். அக்காவின் ஆவணத்தில் திறந்த முதல் படத்திலேயே ஏழு நிரலும் இருந்தன. கொள்விலை, வழங்குநர், கீழே மணிக்கூடு எல்லாம் முழுசாக.

போனில் அக்காவிடம் சொன்னேன். “நான் வெட்டிப்போட்டுத்தானே தம்பி அனுப்பினேன்?” என்றார். படத்தைத் தட்டி மறுபடி Crop-ஐ அழுத்திப் பாருங்கள் என்றேன். மறைத்த பகுதி மங்கலாக வந்து நின்றது. அது வந்தால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று பொருள். சோதனைக்கு அது ஒன்றே போதும், கோப்பைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை.

வேர்டுக்குள்ளேயே நிரந்தரமாக அகற்றவும் வழி இருக்கிறது. படத்தைத் தெரிவு செய்து Picture Format பட்டியில் Compress Pictures. வருகிற பெட்டியில் Delete cropped areas of pictures என்பதில் சரி அடையாளம் இருக்க வேண்டும். Apply only to this picture என்பதில் இருக்கும் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு படம் மட்டும்தான் வெட்டுப்படும். அதே பெட்டியில் கீழே படத் தெளிவைக் குறைக்கும் தெரிவுகளும் இருக்கின்றன. அச்சுக்குப் போகிற ஆவணத்தில் அவற்றில் சின்ன எண்களைத் தொடக்கூடாது. எழுத்துகள் மங்கிவிடும். இதைச் செய்து சேமித்த பிறகு, மறுபடி zip ஆக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் கிரொப் இதே மாதிரித்தான், பகுதியை மறைத்து வைக்குமே தவிர அகற்றாது.

ஆனால் இந்தக் கையேட்டுக்கு நான் அந்த வழியில் போகவில்லை. வேர்டுக்குள் வருவதற்கு முன்பே படம் வெட்டுப்பட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அதோடு அக்காவின் படங்களில் அளவுப் பிரச்சினையும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். எல்லாப் படங்களையும் புதிதாக எடுப்பது என்று முடிவானது.

எடுப்பதற்கு முன்

முதல் வேலை, உண்மையான பட்டியலை மூடிவிட்டு ஒரு மாதிரிப் பட்டியல் செய்தது. அதே ஏழு நிரல், அதே தலைப்புகள். கொள்விலை நிரலில் எல்லாவற்றுக்கும் 100.00, வழங்குநர் நிரலில் “வழங்குநர் 1”, “வழங்குநர் 2”. தேவையற்ற நிரல்களை மறைத்துவிட்டு எடுக்கலாமே என்று அக்கா கேட்டார். மறைத்தால் மேலே நிரல் எழுத்துகள் D-க்குப் பிறகு H என்று தாவும். பிள்ளையின் திரையில் E இருக்கும். அதனால் மறைக்காமல், மதிப்பை மட்டும் மாற்றினோம். வெட்டு எங்காவது ஒரு பிக்சல் கூடிப் போனாலும் வெளியே வருவது பொய் விலைதான்.

அடுத்தது அம்பும் எழுத்துக் கோடும். இரண்டையும் சேர்த்து ‘கர்சர்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் படத்தில் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

விண்டோஸில் PrtSc விசையால் எடுக்கும் படத்தில் மௌஸ் அம்பு விழுவதில்லை. ஆனால் அம்பு செய்த வேலை விழும். அது ஒரு பொத்தானின் மேல் நின்றால் அந்தப் பொத்தான் நிறம் மாறியிருக்கும். கொஞ்ச நேரம் நின்றிருந்தால் மஞ்சளோ வெள்ளையோ ஒரு விளக்கக் குறிப்பு விரிந்திருக்கும். அம்பு இல்லாமல் இவை மட்டும் படத்தில் நிற்கும்போது, ஏன் அந்தப் பொத்தான் மட்டும் நிறமாய் இருக்கிறது என்று வாசிக்கிறவருக்குப் புரியாது. அக்காவின் ஒரு படத்தில் இப்படித்தான், சேமிக்கும் பொத்தான் பற்றிய படியில் பக்கத்தில் உள்ள அச்சுப் பொத்தான் தூக்கலாகத் தெரிந்தது. எடுக்க முன் அம்பைச் சன்னலின் தலைப்புப் பட்டையில் வெறுமையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் இது வராது. லினக்ஸில் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அங்கே பல ஸ்கிரீன்ஷொட் கருவிகளில் அம்பைச் சேர்க்கவா என்று ஒரு தெரிவு இருக்கும். அதை அணைத்திருக்க வேண்டும்.

எழுத்துக் கோடு அப்படியல்ல. சிமிட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலைக்கோட்டை வரைவது செயலிதான், ஆகவே அது படத்தில் விழும். விண்டோஸின் வழமையான அமைப்பில் அது ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு தடவை தோன்றி மறைகிறது. நாம் விசையை அழுத்தும் கணத்தில் அது எந்த நிலையில் இருந்ததோ அப்படியே பதிவாகும். ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போவது இதனால்தான். தமிழ் எழுத்தோடு சேர்ந்தால் இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. ‘ப’வுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு நின்றால், சின்ன அச்சில் அது துணைக்கால் மாதிரித் தெரிந்து வேறு எழுத்தாக வாசிக்க வைக்கும். கல்க்கில் Enter அழுத்திப் பதிவை முடித்துவிட்டாலோ, பதிவு வேண்டாமென்றால் Esc அழுத்தினாலோ கோடு போய்விடும். இணையப் படிவம் என்றால் பக்கத்தின் வெறுமையான இடத்தில் ஒரு கிளிக்.

கோடு போனாலும் கல்க்கில் ஒன்று மிஞ்சும்: தெரிவான கட்டத்தைச் சுற்றி நிற்கும் தடித்த சட்டம். அதை வெட்டவும் முடியாது, அகற்றவும் தேவையில்லை. அந்தப் படி எந்தக் கட்டத்தைப் பற்றியதோ அங்கே கொண்டுபோய் வைத்தால், அதுவே சுட்டிக் காட்டுகிற வேலையைச் செய்யும். “D5 கட்டத்தில் வந்த எண்ணிக்கையை அடிக்கவும்” என்ற படிக்கு, சட்டம் D5-இல் நிற்கட்டும். Enter அழுத்தினால் அது D6-க்கு இறங்கிவிடும், ஆகவே மேல் அம்புக்குறி விசையை ஒரு தடவை தட்டி மேலே கொண்டுவந்துவிட்டு எடுக்க வேண்டும்.

பொருட்பெயர்களில் ஆங்கிலத்தில் அடித்தவற்றின் கீழ் எழுத்துப்பிழைச் சிவப்பு நெளிகோடு ஓடியது. Shift+F7 அதை அணைக்கும். படம் எடுத்து முடிந்ததும் அதே விசையால் திரும்பக் கொண்டுவரலாம். வட்ஸ்அப் செயலியையும் மூடிவிட்டோம். அதன் அறிவிப்பு வலது கீழ் மூலையில் எழும்பினால் கட்டங்களின் மேலேயே வந்து விழும். அதை எந்த வெட்டாலும் எடுக்க முடியாது.

கையால் வெட்டாமல் எண்ணால் வெட்டுவது

Win+Shift+S அழுத்தி, வேண்டிய பகுதியை மௌஸால் இழுத்து எடுப்பதுதான் பெரும்பாலானோர் வழி. ஒரு படம் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். ஒரு புத்தகத்துக்கு அது சரிவராது. ஒவ்வொரு தடவையும் கை நாலைந்து பிக்சல் தள்ளிப் போகும். ஒரு படம் A நிரலின் ஓரத்தில் தொடங்கும், அடுத்தது வரிசை எண்ணைப் பாதி வெட்டிவிடும். பக்கத்தைப் புரட்டும்போது அட்டவணை இடம் மாறிக் குதிப்பது அப்பட்டமாகத் தெரியும்.

அதனால் Win+PrtSc. இது முழுத் திரையையும் எடுத்து, பெயர் கேட்காமல், Pictures கோப்புறைக்குள் Screenshots என்ற கோப்புறையில் வரிசை எண்ணோடு சேமித்துவிடும். டாஸ்க்பார், மணிக்கூடு எல்லாம் அதில் இருக்கும், இருக்கட்டும். கல்க் சன்னலைப் பெரிதாக்கி, அதன் பிறகு எதையும் நகர்த்தாமல் எல்லாப் படியையும் எடுத்தால், எல்லாப் படத்திலும் அட்டவணை ஒரே புள்ளியில் தொடங்கும். பிறகு ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டலாம்.

எங்கே வெட்டுவது என்பதை ஒரு படத்தைப் பெயிண்டில் திறந்து அளந்தோம். அம்பை வைத்த இடத்தின் எண்களைப் பெயிண்ட் கீழே இடது மூலையில் காட்டும். கடைக் கணினித் திரை 1366 × 768. நிரல் எழுத்துகள் A, B, C இருக்கும் வரி மேலிருந்து 172-ஆவது பிக்சலில் தொடங்கியது. பன்னிரண்டு வரிசைகள் முடியும் இடம் அதிலிருந்து ஏறக்குறைய 280 பிக்சல் கீழே. கையிருப்பு நிரல் 690-க்குள் அடங்கும்படி நிரல்களின் அகலத்தைக் கொஞ்சம் சரிசெய்தோம். இனி வெட்டு, கட்டளை அடித்துப் படங்களைத் திருத்தும் இமேஜ்மஜிக் என்ற செயலியில். படங்கள் இருக்கும் கோப்புறையில் நின்று:

```
mkdir vettiyavai
magick mogrify -path vettiyavai -crop 690x280+0+172 +repage -units PixelsPerInch -density 150 *.png
```

690x280 என்பது வேண்டிய அகலமும் உயரமும். +0+172 என்பது இடமிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தள்ளித் தொடங்குவது என்பது. `-path` இல்லாமல் விட்டால் mogrify மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், ஆகவே அதை மறக்கவே கூடாது. `+repage` எதற்கென்றால், வெட்டிய PNG படம் தான் எந்தப் பெரிய படத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். சில செயலிகள் அதைப் படித்து, படத்தைச் சுற்றி வெற்றிடம் விட்டுக் காட்டும். `+repage` அந்த நினைவை அழிக்கிறது.

சேமிப்பு முறை பற்றிய இரண்டு படிகளுக்கு முழுச் சன்னலும் வேண்டும், டாஸ்க்பார் மட்டும் போக வேண்டும். அவற்றுக்குக் கீழிருந்து சீவுவது போதும். அவற்றை வேறு கோப்புறையில் வைத்து:

```
mkdir vettiyavai
magick mogrify -path vettiyavai -gravity South -chop 0x40 +repage *.png
```

இந்த 40 எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. விண்டோஸ் 10-இல் வழமையான டாஸ்க்பாரின் உயரம் 40 பிக்சல், விண்டோஸ் 11-இல் 48. இதுவும் காட்சி அளவு 100 வீதத்தில் இருக்கும்போதுதான். இந்த வேறுபாடு எங்களுக்கே வந்தது, ஏனென்றால் பிரதி எடுத்து வைக்கும் படியின் படம் அக்காவின் லப்டொப்பில் எடுத்தது. விண்டோஸ் 11, காட்சி அளவு 125 வீதம். 48-ஐ 1.25 ஆல் பெருக்கினால் 60. ஆகவே அந்தப் படத்துக்கு `0x60`.

எண் தவறினால் எப்படித் தெரியும்? குறைவாகச் சீவினால் படத்தின் அடியில் ஒன்றிரண்டு பிக்சல் தடிப்பில் கறுப்புக் கோடு ஒன்று மிஞ்சும். திரையில் அது கண்ணில் படாது, வெள்ளைத் தாளில் படத்துக்கு அடிக்கோடு போட்ட மாதிரித் தெரியும். கூடுதலாகச் சீவினால் கல்க்கின் கீழ் நிலைப்பட்டையில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். ஒரு படத்தை 400 வீதம் பெரிதாக்கி அடி ஓரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் உடனே தெரியும். ஒன்று சரியென்றால் அதே கணினியில் எடுத்த மற்றவையும் சரி.

எழுத்தின் அளவு

அக்காவின் படங்களில் இருந்த இன்னொரு சிக்கல் இதுதான். அகலமான படத்தை வேர்ட் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும், ஒடுக்கமான படத்தை அப்படியே விடும். அதனால் ஒரு பக்கத்தில் கட்டங்களும் எழுத்தும் பெரிதாக, அடுத்த பக்கத்தில் எறும்பளவாக. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே பட்டியல்தானா என்ற சந்தேகமே வந்துவிடும். படத்தை வெட்டத் தொடங்கினால் இந்தப் பிரச்சினை கூடவே வரும், ஏனென்றால் வெட்டிய படங்கள் வேறு வேறு அகலத்தில் இருக்கும்.

கட்டளையில் இருந்த `-density 150` இதற்காக. ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று படத்துக்குள்ளேயே எழுதிவிட்டால், வேர்ட் அதைப் படித்து அந்த அளவிலேயே வைக்கும். ஏ5 தாளின் அகலம் 148 மி.மீ. இரு பக்கமும் 15 மி.மீ. விளிம்பு போக 118 மி.மீ. மிஞ்சும். 690 பிக்சலை 150 ஆல் வகுத்தால் 4.6 அங்குலம், அதாவது சுமார் 117 மி.மீ. சரியாக அடங்கும், வேர்டுக்குச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. 690 என்ற எண்ணும் இங்கிருந்துதான் வந்தது. தாளை வைத்துத்தான் வெட்டின் அகலத்தைத் தீர்மானித்தோம், திரையை வைத்து அல்ல.

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கல்க்கில் 10 புள்ளி அளவில் இருக்கும் எழுத்து, திரையில் இருந்து இந்த அளவில் தாளுக்கு வரும்போது 6.4 புள்ளியாகச் சுருங்கும். ஆங்கில எழுத்துக்கு அது எப்படியோ தாங்கும். தமிழில் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வும் ‘ணூ’வும் அந்த அளவில் ஒன்றாகக் கலந்துவிடும். ‘ஆணி’ என்பதைச் சோதனைப் பிரதியில் ‘ஆனி’ என்று வாசித்தார் கடையில் ஒருவர். ஆகவே கல்க்கின் காட்சி அளவை வலது கீழ் மூலையில் 125 வீதத்துக்கு ஏற்றிவிட்டுப் படங்களை எடுத்தோம். எழுத்து தாளில் 8 புள்ளிக்கு வந்தது. 690 பிக்சலுக்குள் ஐந்து நிரல் கொள்ளாமல் போனதும் இதனால்தான். எங்களுக்கு நாலு போதும் என்பதால் அது பிரச்சினையாகவில்லை. Ctrl-ஐப் பிடித்தபடி மௌஸ் சக்கரம் உருண்டால் இந்த 125 மாறிவிடும், ஒவ்வொரு படத்துக்கு முன்னும் அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்கமாக வெட்டுவது

வேண்டியது மட்டும் என்றதும் முதலில் D5 கட்டத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் வெட்டி ஒரு மாதிரி செய்து பார்த்தோம். கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் காட்டினால், “அண்ணா, இது எந்த இடத்தில இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. படத்தில் ஒரு சட்டமும் 24 என்ற எண்ணும் இருந்தனவே தவிர, அதன் முகவரி இல்லை. மேலே நிரல் எழுத்துகளும் இடப் பக்கம் வரிசை எண்களும் தலைப்பு வரியும் படத்துக்குள் இருந்தால்தான் D5 என்று சொல்வதற்குப் பொருள் இருக்கும். பன்னிரண்டு வரிசை வரை நீட்டியது அதனால்தான். மற்றவை எல்லாம், கருவிப் பட்டைகள் உட்பட, அந்தப் படிக்கு வேண்டியதாக இருந்தால் மட்டும் வந்தன.

டாஸ்க்பாரே வேண்டியதாக இருந்த படி ஒன்றும் உண்டு. பொருட்பெயரைத் தமிழில் அடிக்க விசைப்பலகையை மாற்றும் படி. Win+Space அழுத்தியதும் மாறியதா என்று பார்க்க, கீழ்ப் பட்டையில் உள்ள மொழிக் குறியைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-இல் அது மணிக்கூட்டுக்கு ஒட்டினாற்போல் இடப் பக்கத்தில் இருக்கிறது. வெட்டி ஒதுக்கினால் படம் மிகச் சிறிதாகி, எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போகிறது. இங்கே வெட்டுவதை விட்டுவிட்டு மணிக்கூட்டையே அணைத்தோம். Settings-இல் Personalization, அதில் Taskbar, அங்கே Turn system icons on or off. Clock-ஐ அணைத்தால் மணியும் திகதியும் போய்விடும், மொழிக் குறி அப்படியே நிற்கும். திரையின் வலது கீழ்க் கால்பகுதியை வெட்டி எடுத்தோம். மூலை மூலையாகவே தெரிந்தது. படம் எடுத்ததும் மணிக்கூட்டைத் திரும்பப் போட்டுவிட்டோம்.

அதே மாதிரி, ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுக்கும் படிக்கு அம்பு தெரிந்தே ஆக வேண்டும். அது தானாக விழாது என்பதால், சிவப்பு அம்புக்குறி ஒன்றை வேர்டில் வரைந்து வைத்தோம். அடுத்த பதிப்பில் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், படத்துக்குள் பதிந்த அம்பை அப்படி எடுக்க முடியாது.

பழைய படங்கள்

கடைக் கணினியில் 2022-இல் செய்த வேறொரு குறிப்புத் தாளின் வெட்டிய படங்களும் கிடந்தன. அவற்றில் சிலதைப் பயன்படுத்தலாம் என்றார் அக்கா. அவை விண்டோஸின் ஸ்னிப் கருவியில் திறந்து, வெட்டி, அதே பெயரிலேயே சேமித்தவை. 2023 மார்ச்சில் அந்தக் கருவியில் ஒரு குறை வெளியே வந்தது. CVE-2023-28303 என்று அதற்கு இலக்கம். வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய கோப்பின் மேல் எழுதும்போது, கோப்பின் நீளத்தை அது குறைக்கவில்லை. புதிய படம் முன்னால், பழைய படத்தின் மிச்சம் வாலாகப் பின்னால். அந்த வாலில் இருந்து வெட்டிய பகுதியில் ஓரளவை மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே மாதம் மைக்ரோசொப்ட் கருவியைத் திருத்திவிட்டது, ஆனால் அதற்கு முன் சேமித்த கோப்புகள் திருந்துவதில்லை.

சந்தேகம் வரக்கூடிய அடையாளம் எளிது: படம் சின்னதாக இருக்கும், கோப்பின் பருமன் முழுத் திரைப் படத்தின் பருமனாகவே இருக்கும். ஒரு PNG கோப்பு IEND என்ற குறியோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னும் தரவு இருந்தால் அதுதான் வால். கழுவும் வழியும் எளிது. படத்தை இமேஜ்மஜிக்கில் திறந்து புதிய பெயரில் எழுதினால், அது கண்ணுக்குத் தெரியும் படத்தை மட்டும் எடுத்துப் புதிய கோப்பாக எழுதும், வால் பின்தங்கிவிடும்.

```
magick pazhaiya.png puthiya.png
```

அந்தத் தாளில் இருந்து எடுத்த ஒரே படத்தை இப்படி எழுதியதும் கோப்பு பாதிக்கும் கீழே சுருங்கியது. அந்தச் சுருக்கம் மட்டும் வால் இருந்ததற்கு ஆதாரமாகாது, இமேஜ்மஜிக் இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கவும் கூடும். எப்படியானாலும் புதிய கோப்பில் வால் இல்லை என்பது நிச்சயம். பழைய கோப்பை அழித்துவிட்டோம்.

கையேடு இப்போது அச்சகத்தில். அனுப்ப முன் ஆவணத்தைக் கடைசியாக ஒரு தடவை zip ஆக்கி, `media` கோப்புறையை அக்காவே திறந்து பார்த்தார். 690 பிக்சலில் வெட்டிய எல்லாப் படமும் D நிரலோடு முடிந்தது. முழுத் திரை மூலப் படங்களைக் கடைக் கணினியில் தனிக் கோப்புறையில், எந்த எண்ணால் வெட்டினோம் என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம். பட்டியலில் புதிதாக ஒரு நிரல் சேர்க்க முதலாளி யோசிக்கிறார். சேர்த்தால் ஏ5-இல் 690 பிக்சல் போதாது, நிரல் அகலங்களை மறுபடி பார்க்க வேண்டும்.